S-Log3 காட்சிகள்: முதலில் எக்ஸ்போஷர், பிறகு லுக் – மூன்று ஆண்டு அனுபவம்

திருமணக் காட்சிகளை S-Log3-ல் பதிவுசெய்து, டாவின்சி ரிசால்வில் வண்ணம் சேர்த்து வருகிறேன். தொடக்கத்தில் காட்சியைத் திறந்தவுடன் பிடித்த லட் ஒன்றைப் போட்டுவிட்டு, வெளிச்சத்தை அதன் பின்னால் சரிசெய்வதே என் வழக்கமாக இருந்தது. மணமகனின் பட்டு வேட்டியில்தான் அந்த முறையின் குறை தெரிந்தது. சற்று மிகையாகப் பதிவான காட்சியில் வேட்டியின் மடிப்புகளை லட் வெள்ளைக்கு அருகே நெருக்கித் தள்ளிவிட்டது. பின்னால் வந்த நோடில் வெளிச்சத்தைக் குறைத்தபோது மடிப்புகள் திரும்பவில்லை, வெள்ளைத் திட்டு சாம்பல் திட்டாக மாறியது அவ்வளவுதான். கேமரா அந்த மடிப்புகளைப் பதிவுசெய்தே இருந்தது. லட்டுக்கு முன்னால் வெளிச்சத்தைக் குறைத்தவுடன் அவை தெளிவாகத் தெரிந்தன.

அன்று முதல் மூன்று ஆண்டுகளாக வரிசையை மாற்றிக்கொண்டேன். ஒரு நிகழ்ச்சியின் காட்சிகளை எல்லாம் ஒரே குழுவில் சேர்த்து, லுக்கையும் அதன் பின் Rec.709-க்கு மாற்றும் Color Space Transform-ஐயும் Post-Clip பகுதியில் ஒரே ஒருமுறை வைக்கிறேன். ஒவ்வொரு காட்சியின் Clip பகுதியிலும் எக்ஸ்போஷருக்கென ஒரு நோடு மட்டுமே இருக்கும். அந்த நோடின் Gamma-வை Linear என்று மாற்றிவிட்டால், Gain சக்கரம் கேமராவின் ஸ்டாப்பைப் போலவே இயங்குகிறது: 2.00 என்றால் ஒரு ஸ்டாப் கூடுதல், 0.50 என்றால் ஒரு ஸ்டாப் குறைவு.

ஒரு முகூர்த்தத்தில் இது எப்படி அமைந்தது என்பதைச் சொல்கிறேன். S-Log3-ல் 18 சதவீத சாம்பல் அட்டை, 10 பிட் அளவுகோலில் 420 என்ற எண்ணில் அமர வேண்டும். மணமேடையில் விளக்கு வெளிச்சத்தில் எடுத்த காட்சியில் அட்டை 496-ல் இருந்தது. வாசலில் மணமகனை வரவேற்ற காட்சியில் 347-ல் இருந்தது. முன்னது ஒரு ஸ்டாப் மிகை, பின்னது ஒரு ஸ்டாப் குறை. முன்னதற்கு 0.50, பின்னதற்கு 2.00 கொடுத்தவுடன் இரண்டும் 420-க்கு வந்தன. பிறகு லுக்கை இயக்கியபோது, அரக்குப் பட்டின் நிறம் இரண்டு இடங்களிலும் ஒத்துப்போனது. முன்பெல்லாம் இந்த இரண்டு காட்சிகளுக்கும் தனித்தனியாக லுக்கைத் திருத்திக்கொண்டிருப்பேன்.

இதில் இரண்டு இடங்களில் நான் தடுமாறினேன். ரிசால்வின் வேவ்ஃபார்ம் இறுதியில் திரைக்கு வரும் படத்தையே அளக்கிறது. ஆகவே Post-Clip நோடுகளை அணைத்துவிட்டுத்தான் அட்டையின் எண்ணைப் பார்க்க வேண்டும். அடுத்தது, திட்ட அமைப்பில் Timeline color space-ஐ S-Gamut3.Cine/S-Log3 என்று வைக்காமல் Rec.709 Gamma 2.4 என்றே விட்டிருந்தது. அப்போது நோடு தவறான கணக்கில் லீனியருக்கு மாற்றுவதால், 2.00 கொடுத்தும் 347-ல் இருந்த அட்டை 420-ஐத் தாண்டி 460-ஐ ஒட்டிப் போய் நின்றது. கூட்டிய ஸ்டாப்புக்கு அட்டை சரியான எண்ணுக்கு வரவில்லை என்றால், முதலில் இந்த அமைப்பையே பார்க்கிறேன்.

Offset சக்கரத்தாலும் இதே வேலையைச் செய்யலாம் என்று பலர் சொல்வதுண்டு. நடுத்தர வெளிச்சத்தில் அது ஏறக்குறைய சரியாகவே இருக்கும். ஆனால் S-Log3-ல் முழுக் கருப்பு 95-ல் இருக்கிறது; ஒரு ஸ்டாப் ஏற்றும்போது Offset அந்தக் கருப்பையும் சேர்த்து மேலே தூக்கிவிடுவதால், மணமகளின் கூந்தலில் புகை படிந்தது போன்ற வெளிறல் தெரிகிறது. Linear-ல் பெருக்கும்போது கருப்பு இடம் மாறுவதில்லை.

அட்டை காட்டாத காட்சிகளில் முகத்தை அளவாக வைத்துக்கொள்வதை நான் நிறுத்திவிட்டேன். எல்லா முகங்களையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவந்தால் கறுத்த மேனி கொண்டவர்கள் வலிந்து வெளுக்கப்படுகிறார்கள். அவர்களுடைய திருமணப் படத்தில் அது பெருந்தவறு. அதற்குப் பதிலாக அதே வெளிச்சத்தில் நிற்பவரின் வெள்ளை வேட்டியைப் பார்க்கிறேன். 90 சதவீத வெள்ளை 598-ல் அமர வேண்டும் என்பதால், பளிச்சென்ற வேட்டி அதை ஒட்டி இருந்தால் போதும்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. மண்டப வாசலில் வெயில் நேராக விழுந்த இடத்தில் சென்சாரே நிரம்பிவிட்டால், வேவ்ஃபார்மின் உச்சியில் தட்டையான கோடு தெரியும். Gain-ஐக் குறைத்தால் அந்தக் கோடு தட்டையாகவே கீழே இறங்கும். உள்ளே எந்த விவரமும் பிரிந்து வராது. அத்தகைய இடத்தை வெள்ளையாகவே விட்டுவிடுகிறேன். குறைவாகப் பதிவான காட்சியை இரண்டு ஸ்டாப்புக்கு மேல் ஏற்றினால் இருண்ட பகுதிகளில் இரைச்சல் கிளம்புகிறது. 8 பிட்டில் எடுத்ததாக இருந்தால், மேடையின் பின்திரையில் நிறம் மெல்ல மாறும் இடங்களில் படிப்படியான பட்டைகளும் தெரியத் தொடங்குகின்றன.