ஓப்பனர் தொலைந்து ஆறு வருடம்: ஒரு ஸ்பூனோடு என் அனுபவம்

வீடு மாறியபோது ஓப்பனர் எங்கேயோ போய்விட்டது. நாளைக்கு வாங்கலாம் என்று தள்ளிப்போட்டே ஆறு வருடம் ஓடிவிட்டது. இதற்கிடையில் கண்ணாடி பாட்டிலின் தகர மூடியைத் திறக்க கையில் கிடைத்த எல்லாவற்றையும் முயன்றுபார்த்தேன். கடைசியில் நிலைத்தது ஒரு கனமான எவர்சில்வர் ஸ்பூன்தான்.

முதலில் அந்த மூடியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 1892-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் வில்லியம் பெயின்டர் காப்புரிமை வாங்கிய அதே வடிவம்தான் இன்றைக்கும். அன்று ஓரத்தில் 24 பற்கள் இருந்தன, இப்போது 21. பாட்டில் வாயின் வெளிப்பக்கம் தடித்த கண்ணாடி வளையம் ஒன்று இருக்கும். பற்கள் அதன் அடியில் மடிந்து கவ்வியிருக்கின்றன. ஆக, மூடி முழுவதையும் பிய்த்தெடுக்கத் தேவையில்லை. ஒரு பக்கத்தில் நாலைந்து பற்களின் பிடியை விடுவித்தால் மற்றது தானாக வந்துவிடும்.

இது புரியாத காலத்தில் நான் செய்தது, மேஜை விளிம்பில் மூடியை மாட்டி உள்ளங்கையால் ஓங்கித் தட்டுவது. பார்ப்பதற்குக் கெத்தாக இருக்கும். மூன்றாவதோ நான்காவதோ முறை, மூடி வந்தது. கூடவே பாட்டில் வாயில் நகக்கண் அளவுக்கு ஒரு சில்லும் பெயர்ந்திருந்தது. அந்தச் சில்லைத் தேடியபோது கிடைத்த இடம்தான் எனக்குத் திகைப்பு: மூடியின் உள்ளே இருக்கும் மெத்தென்ற பிளாஸ்டிக் படலத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. இதைவிடச் சின்ன துணுக்கு எதுவும் உள்ளே விழவில்லை என்று எப்படிச் சொல்வது? துணியில் வடிகட்டலாம் என்றார் தம்பி. கண்ணுக்குத் தெரியாததைத் துணி பிடிக்கும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை, முழுவதையும் கொட்டிவிட்டேன். தட்டும்போது அழுத்தம் ஒரே இடத்தில், ஒரே நொடியில் இறங்குகிறது. தகரம் வளைந்து கொடுக்கும், கண்ணாடி கொடுக்காது. அதற்குப் பிறகு தட்டுவதே இல்லை.

ஸ்பூன் முறை இது. பாட்டிலின் ஈரத்தை நன்றாகத் துடைத்துவிடுங்கள். இடது கையால் கழுத்தைச் சுற்றிப் பிடியுங்கள், ஆள்காட்டி விரல் மூடிக்கு நேர் அடியில், இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்க வேண்டும். ஸ்பூன் காம்பின் நுனியைப் பற்களின் அடியில் கொடுத்து, காம்பை அந்த விரலின் மேல் கிடத்தி, மறுமுனையைக் கீழே அழுத்துங்கள். விரல்தான் நெம்புகோலின் தாங்குபுள்ளி. நுனியிலிருந்து விரல் 2 செ.மீ., விரலிலிருந்து அழுத்தும் இடம் 14 செ.மீ. என்றால், உங்கள் அழுத்தம் ஏறக்குறைய ஏழு மடங்காக மூடியை அடையும். அந்தச் சுமை முழுவதும் விரல் மேல்தான் விழும். அதனால் நாலாக மடித்த துணி ஒன்றை இடையில் வைப்பேன். இல்லாவிட்டால் விரலில் தழும்பு மாதிரி ஒரு கோடு சாயங்காலம் வரை இருக்கும், அனுபவம்.

ஒரே அழுத்தில் திறக்கப் பார்க்காதீர்கள். மெதுவாக அழுத்தும்போது 'உஸ்' என்று மெல்லிய சத்தம் வந்தால் அந்தப் பக்கம் பிடி விட்டது என்று அர்த்தம். சத்தமே வராமல் பல் மட்டும் நிமிர்ந்து நின்றால், பாட்டிலைக் கொஞ்சம் திருப்பிப் பக்கத்துப் பற்களில் போடுங்கள். எனக்குப் பெரும்பாலும் இரண்டு இடம், பிடிவாதமான மூடிக்கு மூன்று. ஸ்பூன் வழுக்கினால் பலத்தைக் கூட்டாதீர்கள். விரல் கீழே இறங்கிவிட்டிருக்கும், அதை மேலே ஏற்றினாலே போதும்.

எல்லா ஸ்பூனும் சரிவராது. மெல்லிய அலுமினியம் காம்பிலேயே மடிந்துவிடும், என்னிடம் அப்படி இரண்டு கோணல் ஸ்பூன்கள் இருக்கின்றன. கத்தி வேண்டவே வேண்டாம், வழுக்கினால் அது போகிற பாதையில்தான் உங்கள் இடது கை இருக்கிறது. கதவு நிலையில் தாழ்ப்பாள் நுழையும் இரும்புத் தகட்டின் ஓரமும் வேலை செய்யும், ஆனால் பாட்டிலைச் சாய்க்க வேண்டியிருப்பதால் பாதி தரையில்தான். பல்லால் கடிப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

குலுங்கிய பாட்டிலையும் வெயிலில் சூடான பாட்டிலையும் உடனே நெம்பாதீர்கள், நுரை பொங்கிக் கை வழுக்கும். குளிரவைத்து, அசையாமல் வைத்திருந்த பிறகு திறக்கலாம். இன்னொன்று, சில மூடிகள் பார்க்க இதே மாதிரி இருந்தாலும் கையால் திருகித் திறப்பவை. கழுத்தில் திருகு மரை தெரிந்தால் ஸ்பூனே தேவையில்லை. ஒருமுறை பத்து நிமிடம் மல்லுக்கட்டிய பிறகுதான் அதை நான் கவனித்தேன்.

திறந்ததும் இன்றுவரை விடாத பழக்கம்: மூடியைத் திருப்பி உட்படலத்தைப் பார்ப்பேன், பிறகு பாட்டில் வாயை வெளிச்சத்தில் சுற்றிப் பார்ப்பேன். விரலால் தடவிப் பார்ப்பதில்லை. ஸ்பூனுக்கு மாறிய பிறகு ஒரு சில்லும் அகப்படவில்லை. ஓப்பனரும்தான்.