மூன்று காட்டமான படிவங்களை எப்படி வாசிப்பது?

வெள்ளவத்தையில் உயர்தர இரசாயனவியல் வகுப்பு எடுக்கிறேன். போன தவணை மாணவர்கள் 20 பேர் வகுப்பைப் பற்றிக் கருத்துப் படிவம் நிரப்பி, ஐந்துக்குப் புள்ளியும் போட்டார்கள்: பதினொரு பேர் 5, ஐந்து பேர் 4, ஒருவர் 3, மூன்று பேர் 1. சராசரி 4.05.

முன்பெல்லாம் கருத்துகளைத்தான் முதலில் வாசிப்பேன். "சேருக்குப் படிப்பிக்கவே தெரியாது" என்ற ஒரு வரி போதும், மற்ற பத்தொன்பதும் மனதில் நிற்காது, அடுத்த வகுப்பிலேயே தேவையில்லாமல் எதையாவது மாற்றிவிடுவேன்.

இப்போது முதலில் எண்களின் பரவலைப் பார்க்கிறேன். நடு மதிப்பு 5. பத்தொன்பது பேர் 4, ஒருவர் 5 போட்டாலும் அதே 4.05தான் வரும், ஆனால் அது வேறு வகுப்பு. அப்புறம் புள்ளியை மறைத்துவிட்டு, கருத்துகளை விடயவாரியாக எண்ணுகிறேன். "மோல் கணக்கில் வேகம்" என்று 1 போட்டவர்களில் இருவர் எழுதியிருந்தார்கள், 5 போட்டவர்களிலும் நால்வர் அதையே பணிவாகச் சொல்லியிருந்தார்கள். இருபதில் ஆறு, அதைத் திருத்தினேன். "படிப்பிக்கவே தெரியாது" என்பதற்கு வேறெந்தப் படிவத்திலும் துணை இல்லை, அதைக் குறித்து வைத்து அடுத்த தவணை மறுபடி வருகிறதா என்று பார்ப்பேன்.

எனக்கு இரண்டாவது வழிதான் சரி. ஆனால் ஆறேழு பேர் மட்டுமே உள்ள வகுப்பில் ஒரு படிவமே பரவலைப் புரட்டிவிடும், அங்கே இரண்டு மூன்று தவணைகளைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.