வடைத் தாச்சிக்குக் கீழே: புகைக்குழாயா, சிரட்டைக்கரியா?

திருகோணமலை டச்சு வளைகுடாப் பக்கம் எங்களுக்கு ஒரு சின்னக் கடை. தகரக் கூரை, மூன்று பக்கமும் சுருட்டி வைத்த தறப்பாள், ஒரு விறகடுப்பு. பின்னேரம் நாலரைக்கு அடுப்பு மூட்டினால் இரவு ஒன்பது மணி வரைக்கும் தாச்சி இறங்காது. இறால் வடை, பருப்பு வடை, கடைசியில் கொஞ்சம் மிளகாய்ப் பஜ்ஜி. பெரும்பாலும் மனைவிதான் அடுப்படியில் நிற்பாள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவளுக்கு இருமல் பிடித்து மாதக்கணக்கில் விடவில்லை. வைத்தியர் முதலில் கேட்ட கேள்வி, “வீட்டில் யாரும் சிகரெட் பிடிக்கிறார்களா?” என்பதுதான். ஒருவரும் இல்லை. கடை அடுப்பைப் பற்றிச் சொன்னதும் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார்.

அப்போது எங்களுக்கு முன்னால் இருந்த வழிகள் மூன்று. காஸுக்கு மாறலாம். சிரட்டைக்கரிக்கு மாறலாம். இல்லாவிட்டால் விறகை வைத்துக்கொண்டே அடுப்பைத் திருத்திப் புகைக்குழாய் போடலாம். நாங்கள் குழாய்தான் போட்டோம், அதனால் இந்த அலசலும் அந்தப் பக்கமே சாயும்.

காஸைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. புகை என்று பார்த்தால் அதுதான் முதலிடம். ஆனால் 2022இல் சிலிண்டருக்காக வரிசையில் நின்ற எவரும் ஒரே சிலிண்டரை நம்பித் தொழில் செய்ய யோசிப்பார்கள். அதோடு கடற்காற்றில் காஸ் சுவாலை பக்கவாட்டில் ஓடுகிறது, பெரிய தாச்சி சூடேற நேரம் பிடிக்கிறது. தேநீருக்கு ஒன்று வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். அனகி அடுப்பையும் சிலர் சொன்னார்கள். வீட்டுக்கு நல்ல மண்ணடுப்பு, விறகு குறைவாகத்தான் பிடிக்கும். ஆனால் கடைத் தாச்சிக்கு அதன் வாய் சின்னது.

சிரட்டைக்கரியைத்தான் உண்மையிலேயே யோசித்தோம். பக்கத்தில் மீனும் கணவாயும் சுடுகிற அண்ணன் பல வருஷமாகக் கரியில்தான் வேலை செய்கிறார். கரி வெளுத்துச் சாம்பல் பூத்த பிறகு கண் எரிவதில்லை, பாத்திரம் கறுப்பதில்லை. சுடுகிற வேலைக்கு அது வாய்த்த நெருப்பு. மூட்டுகிற 20 நிமிஷம்தான் தொல்லை. அதற்கும் அவரிடம் ஒரு வழி இருக்கிறது: அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்ட பெரிய பால்மாப் பேணியில் கரியைப் போட்டு, கீழே கொஞ்சம் பன்னாடை வைத்துக் கொளுத்துகிறார். பேணியே குழாய்போலக் காற்றை இழுப்பதால் கெதியாகப் பிடித்துவிடுகிறது. மண்ணெண்ணெய் தேவையில்லை.

எங்களைத் தடுத்தது இரண்டு விஷயம். முதலாவது வடை. எண்ணெய்ச் சூடு ஒரே மாதிரி நிற்க வேண்டும். பத்து வடையை ஒன்றாகப் போட்டால் சூடு சட்டென்று இறங்கும், அந்த நேரத்தில் விறகை ஒரு சாண் உள்ளே தள்ளினால் நெருப்பு உடனே எழும்பும். கரியில் அது நடக்காது. புதுக் கரி போட்டால் முதலில் சூடு இன்னும் இறங்கும், அப்புறம்தான் ஏறும். இரண்டு நாள் சோதித்துப் பார்த்ததில் வடை எண்ணெய் குடித்ததுதான் மிச்சம்.

இரண்டாவது, கரி காட்டாத புகை. கரி எரியும்போது கார்பன் மோனொக்சைட் நிறைய வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. திறந்த வெளியில் காற்று கொண்டு போய்விடும். வாடைக்காற்று மழை தொடங்கி மூன்று பக்கமும் தறப்பாளை இறக்கிவிட்டால் கதை வேறு. ஒரு மழை இரவில் அந்த அண்ணன், “தம்பி, தலையிடிக்குது, காலெல்லாம் சோருது” என்று வெளியே வந்து மழையிலேயே நின்றார். அரை மணியில் சரியாகிவிட்டது. உள்ளே அடுப்பில் புகை என்று சொல்ல ஒன்றுமே இல்லை. விறகுப் புகையிலும் அந்த வாயு இருக்கிறது, ஆனால் அது கண்ணை எரித்து எங்களை வெளியே துரத்திவிடும். கரி துரத்தாது.

சரி, குழாய்க்கு வருவோம். பழைய அடுப்பில் விளிம்பில் மூன்று குமிழ் இருந்தது. தாச்சி அதன் மேல் உட்காரும். இடையில் உள்ள சந்தால் நெருப்பும் புகையும் வெளியே வந்து நேராக நிற்பவரின் முகத்துக்குப் போகும். குழாய் இல்லாத அடுப்புக்கு அந்தச் சந்து தேவை, இல்லாவிட்டால் நெருப்பு மூச்சுத் திணறும். குழாய் வைத்தால் தேவையில்லை. அதனால் குமிழ்களைத் தட்டி எடுத்துவிட்டு, புற்றுமண்ணும் சாம்பலும் குழைத்துத் தாச்சியின் வயிறு சரியாகப் பதியும்படி ஒரு வளையம் கட்டினோம். பின்பக்கம், அந்த வளையத்துக்குக் கொஞ்சம் கீழே துளை. அதிலிருந்து 4 அங்குலக் குழாய், கூரை விளிம்பைத் தாண்டி 8 அடி உயரம். வடைக் கடைக்கு இது பொருந்துவதற்குக் காரணமே தாச்சி இறங்காததுதான். சட்டியை அடிக்கடி தூக்கி வைக்கிற சமையலில் ஒவ்வொரு தூக்கலுக்கும் புகை மேலே வந்துவிடும்.

விறகு வாயையும் திருப்பினோம். முன்பு நிற்பவரின் காலுக்கு நேரே இருந்தது, இப்போது பக்கவாட்டில். காற்று விஷயத்தில் ஒரு பிழையான எண்ணம் எங்களுக்கும் இருந்தது: காற்று முதுகில் அடிக்க நின்றால் புகை முன்னால் போய்விடும் என்று. போகாது. உடம்பில் மோதிய காற்று முன்பக்கம் சுழன்று புகையை முகத்துக்கே திருப்பிக் கொண்டு வரும். காற்று தோளில் படும்படி நிற்க வேண்டும். கச்சான் காற்று மேற்கிலிருந்து வரும் மாதங்களில் ஒரு பக்கம், வாடைக்கு வேறு பக்கம் என்று எங்கள் வடைத் தட்டே இடம் மாறும்.

இதுவரை சொன்னது ஒரு வார வேலை. குழாயின் உண்மையான விலை அதன் பராமரிப்பு. இதைச் சொல்லாமல் யாரையும் குழாய் போடச் சொல்லக் கூடாது, ஏனென்றால் சுத்தம் செய்யாத குழாய் குழாயே இல்லாத அடுப்பைவிட மோசம்: தாச்சியைச் சுற்றிச் சந்தும் இல்லை, மேலே வழியும் இல்லை, எல்லாப் புகையும் விறகு வாயால் வெளியே வரும்.

முதல் மூன்று மாதம் பிரச்சினை இல்லை. நாலாம் மாதம் மழைக்கு நனைந்த விறகு எரித்தோம். மூட்டும்போது வாயால் புகை வரத் தொடங்கியது, தாச்சி அடி முன்பைவிடக் கறுத்தது, நெருப்பின் அந்த ‘ஹோ’ என்ற சத்தம் அடங்கிவிட்டது. நாங்கள் இன்னும் விறகு தள்ளினோம். பிறகு குழாயைக் கழற்றினால் அடி வளைவில் தார்போல ஒட்டிய கரி, நடுவில் இரண்டு விரல் போகிற அளவுக்குத்தான் ஓட்டை.

அதற்குப் பிறகு மூன்று மாற்றம் செய்தோம். வளைவை எடுத்துவிட்டு ‘டீ’ வடிவத் துண்டு போட்டோம். அதன் கீழ் வாய்க்கு ஒரு மூடி. மேலேயிருந்து தட்டினால் கரி நேராகக் கீழே விழும், மூடியைத் திறந்து அள்ளலாம். இரண்டாவது, குழாய்த் துண்டுகளைத் தலைகீழாக மாட்டியிருந்தோம். மழை நீர் வழிவது போலத்தான் என்று நினைத்து மேல் துண்டைக் கீழ்த் துண்டுக்கு வெளியே போட்டிருந்தோம். உள்ளே குளிர்ந்து ஊறுகிற தார்த் தண்ணீர் மூட்டுக்கு மூட்டு வெளியே வடிந்து தறப்பாளில் மஞ்சள் கோடு போட்டது. மேல் துண்டு கீழ்த் துண்டுக்கு உள்ளே போக வேண்டும், அப்போது வடிவது உள்ளேயே இறங்கி எரிந்துவிடும். மூன்றாவது மாற்றம் விறகில். அறுத்து வந்த கட்டையின் எடையில் பாதியளவு தண்ணீர் இருக்கும். இப்போது சீமைக்கிளுவையையும் வேம்பையும் கைமணிக்கட்டுத் தடிப்புக்குப் பிளந்து, தரையில் படாமல் கூரைக்குக் கீழே அடுக்கிக் காய விடுகிறோம். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் ‘டங்’ என்று கேட்க வேண்டும், ‘தொப்’ என்றால் காயவில்லை. எரியும்போது மறுமுனையில் நுரை தள்ளினாலும் அதுதான் அர்த்தம்.

சோதனைக்கு ஊதுபத்தி போதும். அடுப்பு நன்றாக எரியும்போது கொளுத்திய ஊதுபத்தியை விறகு வாயருகே பிடிப்போம். அதன் புகை உள்ளே வளைந்து ஓடினால் குழாய் இழுக்கிறது. நேராக மேலே போனால் அந்த வாரமே கழற்ற வேண்டும். காய்ந்த விறகில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை தட்டினால் போதுமாக இருக்கிறது, மழை மாதங்களில் வாரம் ஒருமுறை. ஞாயிறு காலை, அடுப்பு முழுக்க ஆறிய பிறகு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு அரை மணி வேலை. கரி அடுப்பில் இந்த வேலை அறவே இல்லை. சாம்பலைக் கொட்டினால் முடிந்தது. அந்த அரை மணி உங்களால் முடியாது என்றால் குழாய் வேண்டாம்.

விறகுச் செலவில் குழாய் வெல்லவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் இழுப்பு கூடிப்போய், சூடு குழாயோடு மேலே போனது, விறகு முன்பைவிடக் கூட முடிந்தது. குழாயில் ஒரு வெட்டுப் போட்டு, உள்ளே தள்ளி இழுக்கிற தகடு ஒன்று வைத்த பிறகு பழைய அளவுக்கு வந்தது. தணல் இருக்கும் வரை அதை முழுக்க மூடக் கூடாது.

அப்புறம், எண்ணெய்ப் புகை. தாச்சியின் மேலிருந்து வருவதைக் குழாய் தொடாது. எண்ணெய் புகையத் தொடங்கும் முன்பே விறகை வெளியே இழுப்பதைத் தவிர அதற்கு எங்களிடம் வேறு வழியில்லை. மனைவியின் இருமல் நன்றாகக் குறைந்திருக்கிறது. அது குழாயாலா, இடையில் நாங்கள் பஜ்ஜி நேரத்தைக் குறைத்ததாலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கண் எரிச்சல் போனது குழாயால்தான், அது முதல் நாளே தெரிந்தது.

தள்ளுவண்டிக்காரர்களுக்கு நான் கரியைத்தான் சொல்வேன். தினமும் இடம் மாறுகிற வண்டியில் 8 அடிக் குழாயை நிறுத்த முடியாது, அவர்கள் தறப்பாளை இறக்குவதும் அரிது. நிலையான கடை, பொரிக்கிற வேலை, மழையில் மூடுகிற தறப்பாள் என்றால் குழாய்.

கடற்கரை உப்புக்காற்று குழாயை எவ்வளவு காலம் விடும் என்பதில் எங்களுக்கு ஒரு குழாயின் அனுபவம்தான். 14 மாதத்தில் அடுப்போடு சேர்கிற அடித்துண்டு விரலால் அழுத்தினால் உள்ளே போகிறது, மேல் துண்டுகள் இன்னும் நன்றாக இருக்கின்றன. அந்த இரண்டு அடியை மட்டும் தடித்த கறுப்பு இரும்பில் அடித்துத் தரச் சொல்லித் தகர வேலைக்காரரிடம் கொடுத்திருக்கிறேன். வாடை தொடங்கும் முன் மாட்டிவிட வேண்டும்.