எச்ஐவி சோதனை: கார்டு, காம்போ, பிசிஆர் – எதை எந்த நாளில் எடுப்பது, ‘ரியாக்டிவ்’ என்றால் என்ன

எச்ஐவி ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு “நெகட்டிவ் என்று போட்டிருக்கிறது, நம்பலாமா?” என்று கேட்பவரிடம் திருப்பிக் கேட்க வேண்டியவை இரண்டு. எந்த வகைச் சோதனை? தொற்றுக்கு வாய்ப்பிருந்த சம்பவம் நடந்து எத்தனையாவது நாள்? இவை தெரியாமல் அந்த நெகட்டிவுக்கு மதிப்பு சொல்ல முடியாது.

கிருமி உடலுக்குள் போனதிலிருந்து ஒரு சோதனை அதைக் காட்டிக்கொடுக்கும் வரைக்குமான இடைவெளியைத்தான் விண்டோ பீரியட், அதாவது சாளரக் காலம் என்கிறார்கள். மூன்று சோதனைகளும் தேடுவது வெவ்வேறு பொருள்களை என்பதால் இந்த இடைவெளியும் மாறுகிறது. ரத்தத்தில் முதலில் தென்படுவது வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏ. சில நாள் கழித்து வைரஸின் புரதமான பி24 ஆன்டிஜென் தலைகாட்டும். உடல் தானே உண்டாக்கும் ஆன்டிபாடி கடைசியில்தான் வரும்.

விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கும் கார்டு டெஸ்ட் பெரும்பாலும் ஆன்டிபாடியை மட்டுமே தேடுகிறது. சம்பவத்திலிருந்து 23 முதல் 90 நாளுக்குள் அது கண்டுபிடிக்கும். கை நரம்பில் ரத்தம் எடுத்து லேப் மெஷினில் ஓட்டும் நான்காம் தலைமுறை காம்போ சோதனை ஆன்டிபாடியோடு பி24-ஐயும் சேர்த்துப் பார்ப்பதால் 18 முதல் 45 நாள். ஆர்என்ஏவைத் தேடும் பிசிஆருக்கு 10 முதல் 33 நாள். இவை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி சொல்லும் கணக்கு. முதல் எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அந்த நாளில் சிலருக்குத்தான் தெரியவரும். இரண்டாவது எண் கடந்த பிறகு வரும் நெகட்டிவைத்தான் முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் முந்திக் காட்டும் பிசிஆரே சிறந்ததா? எல்லோருக்கும் அல்ல. செலவு அதிகம்; எல்லா ஊரிலும் கிடைக்காது. அதோடு, 12-ஆம் நாள் எடுத்த பிசிஆர் நெகட்டிவாக வந்தாலும் 45-ஆம் நாள் காம்போவை எடுத்தே ஆக வேண்டும். அவசரம் இல்லாதவருக்கு 45-ஆம் நாள் எடுக்கும் ஒரே ஒரு காம்போ போதும். காம்போவுக்கு வழியில்லையா, கார்டையே 90 நாள் தாண்டி எடுங்கள். விரல் குத்திச் செய்யும் காம்போ கார்டுகளும் உண்டு. அவற்றுக்கும் 90 நாள் கணக்குதான். லேப் காம்போவின் 45 நாளை அவற்றுக்குப் பொருத்துவது தவறு. ஆனால் கிருமி உடம்புக்குள் போனதாகச் சந்தேகிக்கும் நாளிலிருந்து 2 முதல் 4 வாரத்தில் காய்ச்சல், தொண்டை வலி, தோலில் தடிப்பு, கழுத்தில் நெறிக்கட்டு என்று வந்தால் பிசிஆர் பணத்துக்குத் தகும். அந்த வாரங்களில்தான் ரத்தத்தில் வைரஸ் உச்சத்தில் இருக்கும். பிறருக்குத் தொற்றும் வாய்ப்பும் அப்போதுதான் மிக அதிகம். கார்டோ அதே சமயத்தில் ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

தேதி போட்டுப் பார்த்தால் தெளிவாகும். சம்பவம் மார்ச் 1. மார்ச் 19 அன்று எடுத்த கார்டு நெகட்டிவ் என்றால் அது எதையும் சொல்லவில்லை என்றே பொருள். லேப் காம்போவுக்கு ஏப்ரல் 15, கார்டுக்கு மே 30 வரை பொறுக்க வேண்டும். இடையில் ஏப்ரல் 5 அன்று இன்னொரு முறை பாதுகாப்பின்றி உறவு நடந்தால் கணக்கு அன்றிலிருந்து திரும்பத் தொடங்குகிறது. 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிடும் தடுப்பு மருந்தான பெப் எடுத்தவருக்கு, மருந்து கிருமியை அமுக்கி வைத்திருக்கலாம் என்பதால், நாள்களை மருந்து முடிந்த தேதியிலிருந்து எண்ணுவதே பத்திரம். ரிப்போர்ட் வரும்வரை ஆணுறை; ரத்த தானம் கூடாது. ‘தானம் கொடுத்தால் டெஸ்ட் இலவசமாகத் தெரிந்துவிடும்’ என்று கிளம்புகிறவர்கள், சாளரக் காலத்து ரத்தத்தை இன்னொரு நோயாளியின் உடம்புக்குள் அனுப்பக்கூடும்.

இனி மறுபக்கம். ‘ரியாக்டிவ்’ என்ற சொல்லுக்கு ‘பாசிட்டிவ்’ என்று பொருள் கிடையாது. கிட்டில் பூசியிருக்கும் பொருளோடு ரத்தத்தில் இருந்த ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். அது எச்ஐவி ஆன்டிபாடியாக இருக்கலாம். வேறு தொற்றோ, தன்னுடல் தாக்கு நோயோ, கர்ப்பமோ கிளப்பிவிட்ட வேறு ஆன்டிபாடியாகவும் இருக்கலாம். சோதனைக் குழாய் மாறிப்போவதும், கார்டைக் குறித்த நேரம் தாண்டிப் படிப்பதும்கூடக் காரணமாகும். (கன்ட்ரோல் கோடு விழாத கார்டு செல்லாது. நேரத்துக்குள் மங்கலாக விழுந்த கோடு ரியாக்டிவ்தான்.)

கணக்கு போடுவோம். ஆயிரத்தில் இருவருக்கு எச்ஐவி இருக்கும் ஊரில் 10,000 பேருக்குச் சோதனை. கிருமி உள்ளவர்கள் 20 பேர். அனைவரையும் கிட் பிடித்துவிடுகிறது. கிருமி இல்லாத 9,980 பேரில், நூற்றுக்கு 99.5 முறை சரியாகச் சொல்லும் நல்ல கிட்கூட ஏறக்குறைய 50 பேரைத் தவறாக ரியாக்டிவ் என்று காட்டும். ஆக, ரியாக்டிவ் வந்த 70 பேரில் 50 பேருக்கு ஒன்றுமே இல்லை. இதே கிட்டை நூற்றுக்கு 5 பேருக்குத் தொற்று உள்ள குழுவில் வைத்தால் 500 உண்மைக்கு 48 தவறுதான் வரும்.

இதனால்தான் இந்தியாவில் அரசு நம்பிக்கை மையங்களில் முதல் கிட் ரியாக்டிவ் ஆனால் வேறு இரண்டு கிட்களிலும் பார்க்கிறார்கள். மூன்றும் வெவ்வேறு ஆன்டிஜெனிலோ வெவ்வேறு முறையிலோ இயங்குபவை. மூன்றும் ரியாக்டிவ் ஆனால்தான் பாசிட்டிவ். ‘ரியாக்டிவ் வந்தது, அதே லேபில் அதே சோதனையைத் திரும்ப எடுத்தேன், திரும்பவும் ரியாக்டிவ்’ என்பது உறுதிப்படுத்தல் ஆகாது. முதல் முறை ஒட்டிய அதே தவறான ஆன்டிபாடி மறுமுறையும் ஒட்டும். மூன்று கிட்களின் முடிவும் ஒத்துப்போகாமல் இழுபறியானால் 14 முதல் 28 நாள் கழித்துப் புது ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள்.

1986-இல் சென்னையில் எடுத்த மாதிரிகள் வேலூரில் ரியாக்டிவ் ஆனபோது, அமெரிக்காவுக்கு அனுப்பி வெஸ்டர்ன் பிளாட்டில் உறுதிசெய்தார்கள். இன்று அந்தச் சோதனையைச் சிடிசி தன் வரிசையிலிருந்து நீக்கிவிட்டது. அது ஆன்டிபாடியை மட்டும், அதுவும் தாமதமாகப் பார்ப்பதால், புதுத் தொற்றைக் காம்போ பிடித்த பிறகும் வெஸ்டர்ன் பிளாட் ‘இல்லை’ என்றுவிடும்.

இந்தக் குழப்பம் வரக்கூடிய இடம் ஒன்று. மார்ச் 1 சம்பவத்துக்கு மார்ச் 25, அதாவது 24-ஆம் நாள், காம்போ எடுத்ததாக வைத்துக்கொள்வோம். மெஷின் கண்ட சிக்னலை வரம்பு அளவால் வகுத்து வரும் எண்ணான எஸ்/சிஓ, ரிப்போர்ட்டில் 2.3. அது ஒன்றோ அதற்கு மேலோ இருந்தால் ரியாக்டிவ். கார்டு நெகட்டிவ். ‘எண் குறைவு, கார்டும் சுத்தம், பொய்யான ரியாக்டிவ்’ என்று வழியனுப்பிவிடத் தோன்றும். குறைந்த எண்களில் பெரும்பாலானவை பொய் என்பது உண்மைதான். ஆனால் பி24 மட்டும் வந்து ஆன்டிபாடி இன்னும் வராத புதுத் தொற்றும் இதே உருவத்தில்தான் இருக்கும். இரண்டையும் பிரிப்பது அன்றே எடுக்கும் பிசிஆர். புதுத் தொற்றில் மில்லிலிட்டருக்கு லட்சக்கணக்கில் வைரஸ் இருப்பது வழக்கம். அப்படித் தெரிந்தால் உடனே மருந்து தொடங்கலாம். ஒன்றுமே தென்படவில்லை, பெப் போன்ற மருந்தும் எடுக்கவில்லை என்றால் காம்போ தவறியிருக்கவே வாய்ப்பு அதிகம். ஏப்ரல் 15 அன்று எடுக்கும் அடுத்த காம்போவும் அப்போதைய பிசிஆரும் அதை முடித்துவைக்கும். அப்போதும் காம்போ மட்டும் அதே 2.3-ஐச் சுற்றி நின்றால், இவரது ரத்தத்துக்கும் அந்தக் கிட்டுக்கும் ஆகவில்லை என்று பொருள். இனி எங்கே சோதித்தாலும் அதை முன்கூட்டியே சொல்லி வேறு கிட்டில் பார்க்கச் சொல்ல வேண்டும்.