ஐந்தாவது கிரேனா, நான்கையே ஒழுங்காக ஓட்டுவதா?

கன்டெய்னர் கப்பல் துறைமுகத்துக்குத் தாமதமாக வந்தால் அதன் ஏஜென்ட் முதலில் கேட்பது "இன்னொரு கிரேன் கொடுங்க சார்" என்பதுதான். பல இடங்களில் கொடுத்தும் விடுகிறார்கள். கேட்பது தப்பில்லை, ஆனால் அந்தக் கிரேனால் கப்பல் உண்மையிலேயே சீக்கிரம் கிளம்புமா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு கப்பலில் இறக்க, ஏற்ற மொத்தம் 1800 கன்டெய்னர் பெட்டி. கிரேன் 4, ஒவ்வொன்றும் மணிக்கு 27 பெட்டி, கீழே ஓடும் டிரெய்லர் 24, அதாவது கிரேனுக்கு 6. சராசரி பார்த்தால் 17 மணி நேரத்துக்குள் வேலை முடிய வேண்டும். முடியாது. ஏனென்றால் பெட்டிகள் கப்பல் முழுக்கச் சமமாகப் பரவி இருப்பதில்லை. நம் கப்பலில் அடுத்தடுத்த இரண்டு பேக்களில், அதாவது கப்பலின் குறுக்கே பெட்டிகளை அடுக்கும் இரண்டு வரிசைகளில் மட்டும் 600 பெட்டி இருக்கிறது என்று வையுங்கள். கிரேனின் அகலம் ஏறத்தாழ 27 மீட்டர், நாற்பதடிப் பே ஒன்று சுமார் 14 மீட்டர். அதனால் பக்கத்துப் பக்கத்துப் பேயில் இரண்டு கிரேன் நிற்க முடியாது, நடுவில் ஒரு பேயாவது காலியாக விட வேண்டும். அந்த 600-ம் ஒரே கிரேனின் தலையில்தான் விழும். 600-ஐ 27-ஆல் வகுத்தால் 22 மணி. அதிக வேலை விழுந்த இந்தக் கிரேனைத்தான் லாங் கிரேன் என்கிறார்கள். மற்ற மூன்றும் 15 மணியில் முடித்துவிட்டுச் சும்மா நின்றாலும், கப்பல் இதற்காகக் காத்துக் கிடக்கும்.

இப்போது ஐந்தாவது கிரேன். அது இரண்டு வழியில் வரும்.

ஒன்று, சும்மா நிற்கும் கிரேனை எடுப்பது. கிரேன் வந்துவிடும், டிரெய்லர் வராது. அதே 24 வண்டியை ஐந்துக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 5 கூட இல்லை, பெட்டியை இறக்க வண்டி இல்லாமல் அதைப் பிடித்திருக்கும் ஸ்ப்ரெடர் தொங்கிக்கொண்டே நிற்கும். வேகம் 27-லிருந்து 22-க்கு இறங்கிவிட்டது என்று வைத்தால் ஐந்தும் சேர்ந்து மணிக்கு 110 பெட்டி. நான்கு கிரேன் 108 செய்துகொண்டிருந்தது. லாங் கிரேனும் அதே 22-க்கு வந்துவிட்டதே, அந்த 600-க்கு இப்போது 27 மணி நேரம். கிரேனைக் கூட்டி, கப்பலை 5 மணி நேரம் தாமதமாக்கியாயிற்று!

இன்னொன்று, பக்கத்து பெர்த்தில் நிற்கும் ஃபீடர் என்ற சின்னக் கப்பலிடமிருந்து கிரேனையும் அதன் டிரெய்லர்களையும் சேர்த்துப் பிடுங்குவது. வேகம் குறையாது, சரி. ஆனால் லாங் கிரேனின் 22 மணி அப்படியேதான் இருக்கிறது. இரண்டு கிரேனில் ஏழரை மணியில் 400 பெட்டி முடித்துப் போகவேண்டிய ஃபீடர் 15 மணி நிற்கும். கொழும்பு மாதிரி ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்குப் பெட்டி மாற்றும் துறைமுகத்தில் இது சின்ன விஷயமில்லை. அந்த ஃபீடருக்குப் பின்னால் தூத்துக்குடிக்கோ சென்னைக்கோ போகும் பெட்டிகள் வரிசையில் இருக்கும். கிரேன்கள் ஒரே தண்டவாளத்தில் ஓடுவதால் ஒன்றை ஒன்று தாண்ட முடியாது, நடுவில் ஒன்றைக் கொண்டுவர மற்றவை எல்லாம் நகர வேண்டும், கப்பலின் மேல்கட்டுமானத்தைத் தாண்டும்போது கிரேனின் நீண்ட கையான பூமைத் தூக்க வேண்டும் என்பது தனித் தலைவலி.

நான்கிலேயே இருந்தால்? லாங் கிரேனுக்கு 8 டிரெய்லர், மற்ற மூன்றுக்கும் சேர்த்து 16. லாங் கிரேன் 30-க்கு ஏறும், மற்றவை 24-க்கு இறங்கும். லாங் கிரேன் தன் 600-ஐ 20 மணியில் முடிக்கும், மற்றவை தலைக்கு 400 பெட்டியை 17 மணியில் முடிக்கும். கப்பல் 20-ல் கிளம்பும். மூன்று கிரேன் மெதுவானது கண்ணை உறுத்தும், ஷிஃப்ட் ரிப்போர்ட்டில் கிரேன் சராசரி குறைந்துதான் காட்டும். பெர்த்தில் நின்ற நேரத்துக்கு எத்தனை பெட்டி என்று பார்த்தால்தான் லாபம் தெரியும்.

இன்னும் கொஞ்சம் குறைக்கலாம், ஆனால் கப்பல் வருவதற்கு முன்பே. இறக்க வேண்டிய பெட்டி எங்கே இருக்கிறதோ அங்கேதான், அதை மாற்ற வழியில்லை. ஏற்றுவதில் மட்டும் 100 பெட்டியை வேறு பேக்குத் தள்ளும்படி கப்பல் கம்பெனியின் பிளானரிடம் கேட்கலாம். லாங் கிரேனுக்கு 500 ஆகிவிடும், மொத்தமும் 18 மணிக்குப் பக்கத்தில் வந்துவிடும். எல்லாவற்றுக்கும் அவர் சம்மதிக்க மாட்டார். குளிர்பெட்டிக்கு பிளக் வேண்டும், ஆபத்தான சரக்குக்கு இடைவெளி வேண்டும், அடுத்த துறைமுகத்தில் இறங்கவேண்டியதன் மேல் கடைசித் துறைமுகப் பெட்டியை வைக்க முடியாது. ஆனால் ஏற்றும் பிளான் இறுதியாகுமுன் கேட்டால் பாதிக்காவது ஒப்புவார், கப்பலை பெர்த்தில் கட்டிய பிறகு கேட்டால் ஒன்றும் நடக்காது.

என் ஓட்டு நான்குக்குத்தான். அடுத்தடுத்த எந்த இரண்டு பேயிலும் 300-க்கு மேல் இல்லை, டிரெய்லர் உபரியாக நிற்கிறது, யார்டு கிரேன்கள் ஈடுகொடுக்கும், பக்கத்து பெர்த் காலி என்றால் நானே ஐந்தாவதைக் கேட்பேன். சந்தேகம் இருந்தால் பெர்த்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். கிரேனுக்கடியில் வண்டிகள் வரிசை கட்டி நின்றால் கிரேன் போதவில்லை, பெட்டியைத் தூக்கியபடி கிரேன் வண்டிக்காகக் காத்தால் வண்டி போதவில்லை.