'தீ', 'வென்ஸ்', 'பிட்விக்ஸ்ட்': மாற்றி எழுதுவதா, ஓரத்தில் பொருள் தருவதா?

1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளை ஆங்கிலத்திலேயே வாசிக்கும் ஒரு சிறிய வட்டத்துக்குப் படிகள் தயார் செய்யும் வேலை என்னிடம் வந்தது. வாசிப்பவர்கள் எல்லோரும் ஆங்கில நாளிதழை முழுதாகப் படிக்கக்கூடியவர்கள். ஆனாலும் 'தௌ', 'தீ', 'வென்ஸ்', 'பிட்விக்ஸ்ட்' என்று வரிக்கு வரி வந்தால் வாசிப்பு தடைபடும். இதற்கு மூன்று வழிகள் உண்டு. பழஞ்சொற்களைக் கணினியில் தேடி மொத்தமாக மாற்றிவிடலாம். இன்றைய ஆங்கிலப் பதிப்பு ஒன்றை வாங்கிக் கையில் கொடுத்துவிடலாம். அல்லது மூலத்தைத் தொடாமல் ஓரத்தில் மட்டும் பொருள் எழுதலாம். நான் மூன்றாவதைத்தான் செய்தேன். அதனால் என் சாய்வு அந்தப் பக்கம்தான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கணினி வழியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். லினக்ஸில் ஒரே கட்டளை போதும்:

```
sed -E 's/\b(thou|thee)\b/you/g
s/\bthine\b/yours/g
s/\bwhence\b/from where/g
s/\bbetwixt\b/between/g' kjv.txt
```

ஓட்டிப் பார்த்தால் கொஞ்ச நேரம் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும். லூக்கா 22:42-இல் 'என் சித்தமல்ல, உம்முடையது' என்ற இடத்தில் வரும் 'தைன்', அழகாக 'யுவர்ஸ்' ஆகிவிடும். ஆனால் நீதிமொழிகள் 4:25-இல் 'தைன் ஐஸ்' என்று இருப்பது 'யுவர்ஸ் ஐஸ்' ஆகிறது. உயிரொலியில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் 'தை' என்பதே 'தைன்' என்று வரும். அங்கே அதற்கு 'உன்' என்றுதான் பொருள். கணினிக்கு அது தெரியாது. சங்கீதம் 121:1-இல் 'ஃப்ரம் வென்ஸ்' என்று இருக்கிறது. மாற்றியபின் 'ஃப்ரம் ஃப்ரம் வேர்'.

பெயர்ச்சொல்லை மாற்றினால் வினையையும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் 'யூ ஆர்ட்', 'யூ ஹாஸ்ட்' என்று நிற்கும். சரி, விகுதிக்கும் ஒரு விதி போடலாம் என்று சொல்லின் கடைசியில் வரும் `eth`-ஐ `s` ஆக மாற்றச் சொன்னால், `speaketh` ஒழுங்காக `speaks` ஆகும். கூடவே `Nazareth` என்ற ஊர் `Nazars` ஆகிவிடும். `est`-ஐ வெட்டினால் `priest` பாதியில் அறுந்து `pri` என்று நிற்கும். விதிவிலக்குப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். இந்த வழியைப் பரிந்துரைக்க என்னிடம் காரணம் எதுவும் இல்லை.

இரண்டாவது வழி அப்படியில்லை, உண்மையிலேயே நல்ல வழி. 1982-இல் முழுமையாக வந்த நியூ கிங் ஜேம்ஸ் பதிப்பு பழைய வாக்கிய அமைப்பைக் கூடியவரை காப்பாற்றிக்கொண்டு சொற்களை மட்டும் புதுப்பிக்கிறது. பிலிப்பியர் 1:23-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பழையதில் 'இன் எ ஸ்ட்ரெயிட் பிட்விக்ஸ்ட் டூ'. இதில் எல்லோரும் 'பிட்விக்ஸ்ட்' மீது விரல் வைப்பார்கள். ஆனால் 'பிட்வீன்' என்பதன் பழைய உருவம் என்று யாரும் ஊகித்துவிடக்கூடிய சொல் அது. அதைவிட இடறுவது 'ஸ்ட்ரெயிட்'. இங்கே அதற்கு நெருக்கடி என்று பொருள். நேர்கோட்டைக் குறிக்கும் சொல்லும் காதுக்கு இதே ஒலிதான். புதிய பதிப்பில் 'ஹார்ட்-பிரெஸ்ட் பிட்வீன் த டூ' என்று இருப்பதால் இரண்டும் ஒரே அடியில் தீர்ந்துவிடுகின்றன. (இதே பதிப்பு சங்கீதம் 121-இல் 'வென்ஸ்' என்ற சொல்லை விட மனமில்லாமல் அப்படியே வைத்திருக்கிறது.)

அப்புறம் ஏன் மூலத்தோடு நின்றேன்? எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: ஒருமை, பன்மை.

கிங் ஜேம்ஸ் ஆங்கிலத்தில் 'தௌ', 'தீ', 'தை', 'தைன்' எல்லாம் ஒரே ஒருவரைப் பார்த்துச் சொல்வது. 'யீ', 'யூ', 'யுவர்' எல்லாம் பலரைப் பார்த்துச் சொல்வது. 'டி' எழுத்தில் தொடங்கினால் ஒருவர், 'ஒய்' எழுத்தில் தொடங்கினால் பலர் என்று நினைவில் வைத்தால் போதும். இன்றைய ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'யூ' ஒன்றுதான்.

லூக்கா 22:31, 32 இதற்குச் சரியான சோதனை. இயேசு சீமோன் பேதுருவைப் பெயர் சொல்லி அழைக்கிறார். 'சாத்தான் யூ-வைப் புடைக்கக் கேட்டான்' என்கிறார். அடுத்த வரியில் 'தீ-க்காக நான் வேண்டிக்கொண்டேன்' என்கிறார். அதாவது சோதனை சீடர்கள் எல்லோருக்கும் வருகிறது. வேண்டுதல் பேதுரு ஒருவனுக்காக. காரணமும் அதே வரியில் இருக்கிறது: நீ மனம் திரும்பியபின் உன் சகோதரரைத் திடப்படுத்து. ஒருவனை நிலைநிறுத்தி அவன் மூலம் மற்றவர்களை நிலைநிறுத்தும் ஏற்பாடு அது. எல்லாவற்றையும் 'யூ' ஆக்கிவிட்டால், பேதுரு ஒருவனுக்குத்தான் சோதனை, அவனுக்காகவே வேண்டுதல் என்று வாசகர் புரிந்துகொள்வார். வாக்கியம் இலக்கணப்படி சரியாகவே இருக்கும். அதனால் ஏதோ தொலைந்துவிட்டது என்ற சந்தேகம்கூட அவருக்கு வராது.

புதிய பதிப்புகளைத் தயாரித்தவர்களுக்கு இது தெரியாமலில்லை. நியூ இன்டர்நேஷனல் பதிப்பின் 2011 திருத்தம் 'ஆல் ஆஃப் யூ' என்று கூடுதல் சொல் போட்டுச் சமாளிக்கிறது. இங்கிலிஷ் ஸ்டாண்டர்டு பதிப்பு அடிக்குறிப்பில் பன்மை என்று சொல்கிறது. ஆனால் இப்படி எல்லா இடத்திலும் செய்ய முடியாது. பக்கம் குறிப்பால் நிறைந்துவிடும். பழைய பதிப்பிலோ தனியாகக் குறிப்பே வேண்டாம், எழுத்திலேயே இருக்கிறது. தமிழ் வாசகருக்கு இது உறைக்க இரண்டு நிமிடம் போதும். நம்முடைய பழைய தமிழ் பைபிளில் இதே இடத்தில் முதலில் 'உங்களை', அடுத்து 'உனக்காக' என்றே இருக்கிறது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் சொல்லிவிட வேண்டும். 'தௌ' என்பது மரியாதைச் சொல், கடவுளிடம் பேசும் பாணி என்று பலர் நினைக்கிறார்கள். அது நம் 'நீ'தான். 1611 பதிப்பின் முகப்பில் மொழிபெயர்ப்பாளர்கள் அரசர் ஜேம்ஸுக்கு எழுதிய காணிக்கையுரையில் 'யுவர் மெஜஸ்டி' என்றுதான் வருகிறது. அந்தக் காலப் பேச்சிலேயே ஒருவரை 'யூ' என்பது சாதாரணமாகிவிட்டது. கிரேக்கத்திலும் எபிரேயத்திலும் ஒருமை, பன்மை வேறுபாடு இருந்ததால், அதைக் காட்ட முந்தைய மொழிபெயர்ப்பாளரான டின்டேலின் வழக்கத்தை அவர்கள் பின்பற்றினார்கள். மரியாதை என்ற நிறம் பின்னால் ஏறியது. 1952-இன் ரிவைஸ்டு ஸ்டாண்டர்டு பதிப்பில் மனிதர்களுக்கெல்லாம் 'யூ' போட்டுவிட்டுக் கடவுளிடம் பேசும் இடங்களில் மட்டும் 'தௌ' வைத்தார்கள். ஒருமையைக் காட்டிய சொல் இப்படி உயர்வைக் காட்டும் சொல்லாக மாறிவிட்டது.

ஓரக்குறிப்பு எழுதுவதில் சிரமமும் உண்டு. கண்ணுக்குப் பழையதாகத் தெரியும் சொல் ஆபத்தில்லை. வாசகர் நின்று ஓரத்தைப் பார்ப்பார். இன்றைய சொல் போலவே இருந்துகொண்டு வேறு பொருள் தருவதுதான் ஆபத்து. மாற்கு 6:25-இல் ஏரோதியாளின் மகள் யோவானின் தலையை 'பை அண்ட் பை', 'இன் எ சார்ஜர்' வேண்டும் என்கிறாள். இன்று 'பை அண்ட் பை' என்றால் மெல்ல, பிறகு. அன்று, இந்தக் கணமே. சார்ஜர் என்றால் பெரிய தாம்பாளம். அவள் சொல்லும் 'ஐ வில்' கூட வருங்காலம் இல்லை; 'நான் விரும்புகிறேன்' என்பது. ஒரு வரியில் மூன்று, அதில் ஒன்றுகூடப் பழஞ்சொல் பட்டியலில் இருக்காது. ரோமர் 1:13-இல் பவுல் 'வாஸ் லெட்' என்கிறார். அனுமதி கிடைத்தது என்று படிப்போம். அவர் சொல்வது நேர் எதிர்: தடுக்கப்பட்டேன்.

இவற்றைப் பிடிக்க எனக்குக் கைகொடுத்தது இரண்டாவது வழிதான். புதிய பதிப்பைப் பக்கத்தில் திறந்துவைத்து வரிக்கு வரி ஒப்பிட்டேன். 'தீ' போய் 'யூ' வந்த இடங்களைத் தாண்டிவிடலாம். பழைய வரியில் மிகச் சாதாரணமாகத் தெரியும் ஒரு சொல்லுக்குப் பதிலாகப் புதிய வரியில் சம்பந்தமே இல்லாத இன்னொரு சொல் வந்தால், அங்கே நிறுத்த வேண்டும். 'லெட்' இருந்த இடத்தில் 'ஹின்டர்டு' வந்தது அப்படித்தான் கண்ணில் பட்டது. பிறகு அகராதி. வெப்ஸ்டரின் 1828 அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பைபிள் வசனங்களையே எடுத்துக்காட்டாகத் தருவதால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். அது 1611-க்கு இரண்டு நூற்றாண்டு பிந்தியது என்பதால், ஐயம் இருந்தால் ஆக்ஸ்போர்டு பேரகராதியில் ஆண்டுவாரியாகத் தரும் மேற்கோள்களைப் பார்த்து உறுதி செய்துகொள்வேன். அதற்குச் சந்தா வேண்டும், அல்லது நூலகம்.

உழைப்பு முதல் சில அதிகாரங்களில்தான் அதிகம். பிறகு அதே சொற்களே திரும்பி வரும். 'தௌ' குடும்பத்துக்குப் பக்கம்தோறும் பொருள் எழுதவில்லை. முதல் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம், அவ்வளவுதான். ஓரம் முழுக்கப் பொய்முகச் சொற்களுக்கே.

முழு பைபிளையும் சில மாதங்களில் முடிக்க நினைப்பவருக்கு என் வழி ஒத்துவராது. அவர் புதிய பதிப்பையே எடுத்துக்கொள்ளலாம், அடிக்குறிப்பு உள்ள பதிப்பாகப் பார்த்து. கவிதை வரும் இடங்களிலும் நான் அவ்வளவு உறுதியாக இல்லை. சங்கீதம் 121-இல் 'எங்கிருந்து உதவி வரும்' என்பதைப் பழைய பதிப்பு மலைகளோடு சேர்த்து ஒரே வாக்கியமாக்குகிறது. புதியவை தனிக் கேள்வியாக்குகின்றன. அங்கே பிரச்சினை சொல்லில் இல்லை, மொழிபெயர்ப்பில். ஓரக்குறிப்பு அதைத் தீர்க்காது.

அதே காலத்து நாடகங்களுக்கும் என் கட்டத்தை அப்படியே கொண்டுபோக வேண்டாம். எனக்கு அவற்றில் வாசிப்பு கொஞ்சம்தான். ஆனால் அங்கே 'தௌ' ஆளின் எண்ணிக்கையை மட்டும் காட்டுவதில்லை. உறவையும் கோபத்தையும்கூடக் காட்டுகிறது. 1603-இல் வால்டர் ராலேயின் துரோக வழக்கில் அரசு வழக்கறிஞர் எட்வர்டு கோக், 'உன்னை நான் தௌ என்கிறேன், துரோகியே' என்று நீதிமன்றத்திலேயே கத்தினார். நம்மூரில் 'நீ, வா, போ' என்று இறங்குவதுபோல. ஒரே பாத்திரம் ஒரே காட்சியில் 'யூ'விலிருந்து 'தௌ'வுக்குத் தாவினால், அந்தத் தாவலுக்கு என்ன காரணம் என்று வரிக்கு வரி யாராவது சொல்ல வேண்டும். அதற்கு அறிஞர் உரையோடு வரும் பதிப்பைக் காசு கொடுத்து வாங்குவேனே தவிர, நானே ஓரத்தில் எழுத உட்கார மாட்டேன்.