லைக்கா, ஆர்டரா: ஒரே முறுக்குக்கு நான்கு முடிவு வரிகள்

சுங்கை சிப்புட்டில் என் அத்தை தீபாவளிக்கு முறுக்கு சுட்டு விற்கிறார். கடை கிடையாது. வீட்டு அடுப்பு, முகநூல், புலனம், இவ்வளவுதான். அரைக் கிலோ போத்தல் 22 வெள்ளி. 2025 தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை வந்தது. ஒரு மாதம் முன்பு, செப்டம்பர் 20 சனிக்கிழமை, முதல் பதிவைப் போட்டோம். இரண்டு நாளில் 160 லைக். செய்தி அனுப்பியவர்கள் மூன்று பேர், வாங்கியவர் ஒருவர்.

“இத்தனை பேருக்குப் பிடிச்சிருக்கு, வாங்க ஒருத்தர்தான் கேக்குறாங்க. விலை கூடப் போட்டுட்டேனாய்யா?” என்று அத்தை கேட்டார். அந்தப் பதிவில் விலையே இல்லை. படம் அருமையாக இருந்தது, முறுக்கைப் பற்றி எழுதியதும் நன்றாகத்தான் இருந்தது. பதிவு கடைசியில் என்ன கேட்டது என்று பார்த்தேன்: “பிடித்திருந்தால் லைக் போடுங்க, சொந்தக்காரங்களுக்கு ஷேர் பண்ணுங்க.” லைக் கேட்டோம், லைக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு படத்தை மாற்றவில்லை, அந்த வரியை மட்டும் மாற்றிப் பார்த்தோம். அப்படி நாங்கள் முயன்ற நான்கு வரிகளைத்தான் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன்.

முதல் வரி: “லைக் போடுங்க, ஷேர் பண்ணுங்க”

இந்த வரிக்கு இன்னொரு கெடுதலும் உண்டு. லைக், ஷேர், டேக் என்று வெளிப்படையாகக் கெஞ்சும் பதிவுகளைக் குறைவான பேருக்கே காட்டப் போவதாக ஃபேஸ்புக் 2017 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது. நிறைய பேரிடம் போகட்டும் என்று எழுதும் வரி, பதிவு போகும் தூரத்தையே குறைக்கலாம்.

எனக்குப் பெரிய பாடம் அந்த 160 பேரின் பட்டியலில் இருந்தது. உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். பாதிக்கு மேல் இந்த ஊரை விட்டுப் போனவர்கள். தோட்டத்தில் பிறந்து, இங்கே தமிழ்ப்பள்ளியில் படித்து, இப்போது கிள்ளான், ஜொகூர் பாரு, சிங்கப்பூர் என்று இருப்பவர்கள். அவர்கள் அத்தையின் மேல் உள்ள பாசத்தில் லைக் போடுகிறார்கள், அது பொய் இல்லை. ஆனால் முறுக்கு எப்படித் தங்கள் கைக்கு வரும் என்று பதிவு அவர்களுக்குச் சொல்லவே இல்லை. தோட்டத்து ஊர்களில் விற்கும் எல்லாருக்கும் இது நடக்கும் என்று நினைக்கிறேன். நம் பதிவைப் பார்ப்பவர் வேறு, சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளக் கூடியவர் வேறு.

இரண்டாவது வரி: “விலைக்கு PM”

இங்கே எல்லாரும் எழுதும் வரி. செப்டம்பர் 27-இல் இதைப் போட்டதும் 19 செய்திகள் வந்தன. அத்தைக்கு ஒரே சந்தோஷம். ஆனால் 19 பேரும் கேட்டது ஒரே கேள்வி: “எவ்வளவு?” பதில் சொன்னதும் பெரும்பாலானவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். நான்கு ஆர்டர் தேறியது. மாவு பிசைந்த கையைக் கழுவித் துடைத்து 19 பேருக்குத் தனித்தனியாக ஒரே பதிலைத் தட்டியதில் அத்தைக்கு ஒரு மாலை போய்விட்டது.

விலையை மறைத்தால் கேட்க வருவார்கள், பேசிப் பேசி விற்றுவிடலாம் என்பது இந்த வரியின் கணக்கு. கல்யாண மேடை அலங்காரம் மாதிரி ஆளுக்கு ஆள் விலை மாறும் வேலைக்கு, அளவு தெரியாமல் விலை சொல்ல முடியாது என்பதால், அது ஓரளவு பொருந்தும். 22 வெள்ளி போத்தலுக்குப் பொருந்தாது. கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் கேட்காமலே போய்விடுகிறார்கள். சட்டமும் இருக்கிறது. மலேசியாவில் இணையம் வழி விற்பவர்கள் போக்குவரத்துச் செலவு உட்பட முழு விலையையும் காட்ட வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்பு மின்வணிக விதிமுறைகள் சொல்லின. இந்த வரியை ஒரே வாரத்தில் விட்டுவிட்டோம்.

மூன்றாவதும் நான்காவதும்

அடுத்த இரண்டையும் ஒரே நாளில் போட்டேன். காரணம் இருக்கிறது. தீபாவளி நெருங்க நெருங்க ஆர்டர் தானாகவே கூடும். ஒரு வாரம் ஒரு வரி, அடுத்த வாரம் வேறு வரி என்று போட்டால், கூடியது வரியாலா நாளாலா என்று சொல்ல முடியாது. மேலே சொன்ன இரண்டு வரிகளையும் அந்த எச்சரிக்கையோடுதான் ஒப்பிட வேண்டும். அதனால் அக்டோபர் 4-ஆம் தேதி மூன்றாவது வரியைத் தாமான் குழுவிலும், நான்காவதைக் கோயில் குழுவிலும் போட்டோம். அக்டோபர் 8-இல் இடம் மாற்றிப் போட்டோம். எது எந்தக் குழுவுக்குப் போனது என்பது குழம்பாமல் ஒரு தாளில் குறித்து வைத்தேன்.

மூன்றாவது வரி: “போத்தல் 22 வெள்ளி. ஆர்டருக்கு இதைத் தட்டுங்க,” அதன் கீழே புலன இணைப்பு. தட்டியதும் அத்தையின் உரையாடல் திறக்கும், முதல் செய்தி எழுதியே இருக்கும், அனுப்பு பொத்தானை அழுத்தினால் போதும். இணைப்பு இப்படி இருக்கும்:

```
https://wa.me/60XXXXXXXXX?text=Murukku%202%20botol
```

எண்ணில் தவறுவதுதான் அதிகம் நடக்கிறது. 012 என்று தொடங்கும் எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யத்தை எடுத்துவிட்டு 60 சேர்க்க வேண்டும். கூட்டல் குறி, கோடு, இடைவெளி எதுவும் கூடாது. பூஜ்யத்தை எடுக்காமல் விட்டால் தட்டுகிறவருக்கு எண் தவறு என்று வரும். அவர் நம்மிடம் சொல்ல மாட்டார், போய்விடுவார். ஆகவே பதிவு போட்டதும் வேறொருவர் கைப்பேசியில் தட்டிப் பார்ப்பது நல்லது. முன்செய்தியைத் தமிழில் எழுதினால் இணைப்பு குறிகளாக நீண்டு பார்க்கவே பயமாக இருக்கும், அதனால் ரோமன் எழுத்தில் வைத்தேன். இன்ஸ்டாகிராம் படத்தின் கீழே எழுதும் இணைப்பு தட்டினால் திறக்காது, அங்கே அதை முகப்புக் குறிப்பில்தான் வைக்க வேண்டும்.

இந்த வரி இரண்டு குழுவிலும் சேர்த்து 11 செய்திகள், 6 ஆர்டர் கொண்டுவந்தது. விலை தெரிந்து வந்தவர்கள் என்பதால் பேச்சு நீளவில்லை. இருந்தும் ஐந்து பேர் “எப்ப கிடைக்கும்?”, “எங்க வந்து எடுக்கணும்?” என்று கேட்டுவிட்டு நின்றுவிட்டார்கள்.

நான்காவது வரி அந்தக் கேள்விகளையும் முன்கூட்டியே எடுத்துக்கொண்டது:

“போத்தல் 22 வெள்ளி. இரண்டு வேண்டுமா? புலனத்தில் M2 என்று மட்டும் அனுப்புங்க. 12-ஆம் தேதி ஞாயிறு இரவோடு ஆர்டர் முடியும். 18-ஆம் தேதி சனிக்கிழமை மாலை 5 மணிக்குக் கோயில் வாசலில் வாங்கிக்கொள்ளலாம்.” கடைசியில் அதே இணைப்பு, முன்செய்தியாக M2.

17 செய்திகள் வந்தன. 14 ஆர்டர். எண்ணிக்கை சின்னது, இதை வைத்து உலகத்துக்கு விதி எழுத முடியாது. ஆனால் இரண்டு குழுவிலும் மூன்றாவதை விட இதுதான் முந்தியது.

இது ஏன் வேலை செய்தது? தட்டச்சு குறைவு என்பது ஒன்று. எங்கள் ஊரில் வயதானவர்கள் பலர் குரல் செய்திதான் அனுப்புவார்கள், தமிழில் தட்டத் தெரியாத இளையவர்களும் உண்டு. M2 எல்லாருக்கும் வரும். அதைவிடப் பெரியது, அந்த இரண்டு எழுத்திலேயே ஆர்டர் முழுதாக இருக்கிறது. “விலைக்கு PM” பேச்சைத் தொடங்கச் சொல்கிறது. M2 முடிவை அனுப்பச் சொல்கிறது. வேண்டுமா வேண்டாமா என்று யோசிப்பதை அவர் பதிவைப் படிக்கும்போதே முடித்துவிடுகிறார்.

தேதியையும் யோசித்துத்தான் வைத்தோம். நம் வேலைச் சட்டப்படி சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுக்கப்பட வேண்டும். தோட்டத்தில் பலருக்கு 5, 6-ஆம் தேதிவாக்கில்தான் கையில் காசு புழங்கும். கடைசி நாளை 4-ஆம் தேதி வைத்திருந்தால் ஆசை இருந்தும் அனுப்பியிருக்க மாட்டார்கள். 12 என்றால் சம்பளம் வந்து ஒரு வார இறுதியும் கிடைக்கிறது. அத்தைக்கும் 60 போத்தல் சுட ஐந்து நாள் மிஞ்சுகிறது. பதிவில் அந்த வரியோடு “60 போத்தல்தான்” என்று எழுதியதும் உண்மைக் கணக்கு. சின்ன ஊரில் பொய்யாக “கடைசி 5” என்று போட்டால் அடுத்த வாரமே பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும்.

இந்த வரிக்குக் குறையும் உண்டு. வெளியூர் ஆட்களை அது முழுக்க விட்டுவிடுகிறது. அந்த 160 பேரை மறுபடி நினைத்துப் பார்த்து, அத்தையின் சொந்தப் பக்கத்தில் மட்டும் வேறு வரி போட்டோம்: “வெளியூரில் இருக்கீங்களா? அம்மா அப்பா வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். V2 என்று அனுப்பி, வீடு எந்தத் தோட்டம் என்று சொல்லுங்க.” கிள்ளானில் இருக்கும் மகன் டூயிட்நவ் வழி காசு போட்டுவிடுவார், முறுக்கு இங்கே அவர் அம்மா கையில் இருக்கும். ஒன்பது பேர் இப்படி வாங்கினார்கள். அதில் ஏழு பேர் முதல் பதிவுக்கு லைக் மட்டும் போட்டவர்கள். M, V என்று எழுத்து வேறாக இருந்ததால் எந்தப் பதிவிலிருந்து வந்தது என்று செய்தியைப் பார்த்தவுடனே தெரிந்தது. தனியாக எதுவும் எண்ண வேண்டியிருக்கவில்லை.

செய்தி வந்த பிறகு முதல் பதில் சரியில்லாவிட்டால் நல்ல வரியும் வீண். முன்பு அத்தை “சரி மா, நன்றி” என்று அனுப்புவார், அதோடு எதிராளியும் நின்றுவிடுவார். இப்போது புலனத்தின் வணிகச் செயலியில் விரைவு பதிலாக ஒன்றைச் சேமித்து வைத்திருக்கிறோம்: “2 போத்தல், 44 வெள்ளி. 18-ஆம் தேதி 5 மணி, கோயில் வாசல். யார் பெயரில் எழுதட்டும்?” கேள்வி ஒன்றே ஒன்று. பெயர் கொடுத்தவர்களில் வாங்க வராமல் போனவர் ஒருவர்தான். அடுத்த முறை 5 வெள்ளி முன்பணம் கேட்கலாமா என்று அத்தை யோசிக்கிறார். மூன்று போத்தலுக்கு மேல் கேட்பவர்களிடம் மட்டும் கேட்கலாம் என்பது என் கருத்து. ஒரு போத்தல் வாங்கும் பாட்டியிடம் முன்பணம் கேட்டால் அவர் மனம் சங்கடப்படும்.

வரியை எங்கே வைப்பது என்பதும் உண்டு. நீளமான பதிவின் அடியை முகநூல் மடித்துவிடும், விரித்துப் படிப்பவர் குறைவு. அதனால் விலையும் M2-உம் முதல் இரண்டு வரிக்குள் வந்துவிட்டன. முறுக்கின் கதையெல்லாம் அதற்குக் கீழே.

12-ஆம் தேதி இரவு பத்து மணிக்கு அத்தையும் நானும் உட்கார்ந்து, போட்ட பதிவு ஒவ்வொன்றையும் திறந்து முதல் வரியை “இந்த ஆண்டு ஆர்டர் முடிந்தது, நன்றி” என்று மாற்றினோம். மாற்ற முடியாத குழுச் செய்திகளின் கீழே அதையே புதிதாக அனுப்பினோம். ஒன்று மட்டும் கண்ணில் படாமல் விட்டுப்போனது. 16-ஆம் தேதி காலை அதிலிருந்து M3 என்று ஒரு செய்தி வந்தது. அத்தை வீட்டுக்கென்று எடுத்து வைத்திருந்ததிலிருந்து மூன்று போத்தலை எடுத்துக் கொடுத்தார்.